சீனிக்குப் பதில் அதே அளவு வெல்லம் போடச் சொன்னது யார்?

"சீனிக்குப் பதிலாக அதே அளவு வெல்லம் சேர்த்துக்கொள்ளலாம்." கேக் செய்முறைகளின் கடைசியில் ஒட்டியிருக்கும் இந்த ஒரு வரியை எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அதைச் செய்து பார்த்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. செய்து பார்த்த யாருக்கும் அப்படி எழுதக் கை வராது.

போன மார்கழியில் எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது நிறைந்தது. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே நான் கேக் செய்து கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் செய்கிறவள் ஆச்சிக்குச் செய்யாமல் இருப்பேனா? "சீனி வேண்டாம்ட்டி, வெல்லம் போட்டுச் செய்" என்று ஆச்சி சொன்னாள். சரி என்று, எப்போதும் செய்யும் வெண்ணெய் கேக்கையே எடுத்துக்கொண்டேன். மைதா 200 கிராம், வெண்ணெய் 150, சீனி 200, முட்டை மூன்று, பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், ஒருநாளும் கைவிட்டதில்லை. அந்த வரி சொன்னபடி சீனியை எடுத்துவிட்டு 200 கிராம் மண்டைவெல்லம் வைத்தேன். வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்குமே, அதனால் 100 மில்லி தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டினேன். இளஞ்சூட்டோடு வெண்ணெயில் ஊற்றினேன்.

வெண்ணெய் உருகி ஓடியது. பாலை விட்டதும் திரிதிரியாகத் திரண்டது. மாவு ஆப்பமாவை விடத் தண்ணீராக இருந்தது. ஓவன் சூடேறும்வரை அந்த மாவு மேடையிலேயே காத்துக் கிடந்தது. 180 டிகிரியில் 25 நிமிடத்தில் மேல்பக்கம் கருத்துவிட்டது. குச்சியை விட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு. 45 நிமிடத்தில் எடுத்தபோது நடுப்பக்கம் குழிந்து உட்கார்ந்தது. வெட்டினால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களி. ஆச்சி அதையும் வாயில் போட்டுக்கொண்டு, "உளுந்தங்களி மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சீனியில் ஈரம் கிடையாது, அது காய்ந்த படிகம். வெல்லம் அப்படி இல்லை. அதற்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. நல்ல காய்ந்த வெல்லத்தில் குறைவாக இருக்கும், கசிந்த வெல்லத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை போகும். என்னுடைய 200 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் தண்ணீர் என்று வையுங்கள். காய்ச்ச ஊற்றிய 100 மில்லியில் 20 ஆவியாகிப் போயிருந்தாலும் 80 பாகில் தங்கிவிட்டது. ஆக 95. அதோடு பால் 100. சீனி கேக்கில் 100 மில்லி நின்ற இடத்தில் இப்போது 195. மாவு மட்டும் அதே 200 கிராம்! இட்லி மாவில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு ஆட்டினால் இட்லி எழும்புமா? இங்கும் அதே கதைதான். நீர்த்த மாவில் காற்றுக் குமிழிகள் மேலே ஏறி ஓடிவிடும், மைதா அடியில் படியும், படிந்தது வெந்து களியாகும்.

அதிலும் கேக் சமயம் எது? மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் குடித்துவிட்டு வருகிற வெல்லம் அது. வெல்லத்தில் சீனிச்சத்தின் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்திருக்கும். அவை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் டப்பாவில் வெல்லம் வேர்த்து ஒட்டிக்கொண்டு கிடப்பதை நம் வீட்டில் யார் பார்க்கவில்லை? சித்திரையில் வாங்கிய வெல்லமும் கார்த்திகையில் வாங்கிய வெல்லமும் ஒரே 200 கிராம் ஆகுமா? "அதே அளவு" என்று எழுதும்போது எந்த மாதத்து வெல்லம் என்று யோசிக்க வேண்டாமா? மேல்பக்கம் சீக்கிரம் கருத்ததற்கும் இந்தப் பிரிந்த சத்துகளே காரணம். அவை சீனியை விடக் குறைந்த சூட்டிலேயே சிவந்துவிடும். 180 டிகிரி சீனிக்குச் சரி, வெல்லத்துக்கு அதிகம்.

இன்னொன்று, வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கிறோமே, அது இனிப்புக் கலக்க மட்டும் இல்லை. சீனியின் கூரான படிகங்கள் வெண்ணெயைக் கீறிக் காற்றைப் புகுத்துகின்றன. அந்தக் காற்றில்தான் கேக் எழும்புகிறது. பாகு எதைக் கீறும்? பொடித்த நாட்டுச்சர்க்கரை போட்டாலும் அது ஈரமாக ஒட்டிக்கொள்ளுமே தவிர, அந்த அளவுக்குக் காற்று பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லியிருந்தால் நான் வெண்ணெயை அரைமணி நேரம் அடித்திருக்கமாட்டேன்.

புளிப்புக்கு வருகிறேன். வெல்லம் புளிக்குமா என்று கேட்பவர்கள் பாயசம் வைத்திருக்கமாட்டார்கள். பாகு ஆறாமல் பாலை ஊற்றாதே என்று எந்த ஆச்சியும் சொல்வாள். கரும்புச்சாறே லேசான புளிப்பு உள்ளது. காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்து அதைத் தணிப்பார்கள், ஆனால் எவ்வளவு தணிந்தது என்பது ஆலைக்கு ஆலை மாறும். ஈரத்தில் கிடந்து கெட ஆரம்பித்த வெல்லத்தில் புளிப்பு இன்னும் ஏறும். சூடும் இந்தப் புளிப்பும் சேர்ந்துதான் என் பாலைத் திரித்தன. பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கு வேண்டிய புளிப்பும் அளந்தே கலந்திருக்கிறார்கள். வெல்லம் கொண்டுவருகிற கூடுதல் புளிப்பைத் தீர்க்க அதில் சோடா மிச்சம் இருக்காது. போதாததற்கு மாவு வெதுவெதுப்பாக இருந்தால் ஓவனில் வரவேண்டிய வாயு மேடையிலேயே வந்து போய்விடும். என் கேக்குக்கு நடந்தது அதுவும்தான்.

சிலர் இதற்கு மருந்து சொல்கிறேன் என்று "ஒரு தேக்கரண்டி சோடா கூடப் போடுங்கள்" என்கிறார்கள். அது இன்னும் கொடுமை. தீர்க்கப் புளிப்பில்லாமல் சோடா மிஞ்சினால் கேக் சோப்பு போல நாறும், உள்ளே செம்பழுப்பாகும், நாக்கில் கசப்பு நிற்கும். எவ்வளவு போடலாம் என்று வெல்லத்தையே கேட்டுவிடலாம். இரண்டு டம்ளரில் ஆறின தண்ணீர், ஒன்றில் மட்டும் வெல்லத்தைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. வெல்லத் தண்ணீரில் மட்டும் பொடிப்பொடியாக நுரை ஏறினால் அதில் புளிப்பு இருக்கிறது. இரண்டும் ஒரேபோல் இருந்தால் சோடாவைத் தொடாதீர்கள். வெந்நீரில் செய்யக்கூடாது, சூட்டிலேயே சோடா நுரைத்து ஏமாற்றிவிடும்.

கருப்பட்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். உடன்குடிப் பக்கம் பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள், இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பு கருப்பட்டியில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குப் புளிப்பு குறையும். வெல்லத்துக்குப் போடும் சோடாவை அப்படியே கருப்பட்டிக்கும் போட்டு நான் ஒரு கேக்கைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

ஆறு தடவை செய்து பார்த்தபின் என் கையில் நின்ற அளவு இதுதான். அதே 200 கிராம் வெல்லத்தைத் தூளாக உடைத்து, 60 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு, சிறு தீயில் கரையும்வரை வைத்து, கொதிக்கவிடாமல் இறக்கி வடிகட்டுகிறேன். பாகைத் தராசில் நிறுக்கிறேன், இது முக்கியம். 250 கிராம் வந்தால், நான் விட்டதில் 50 நிற்கிறது, வெல்லத்தின் சொந்த ஈரம் 15, ஆக 65. பால் 100 மில்லியில் இதைக் கழித்து 35 மட்டும் சேர்க்கிறேன். பாகு முழுக்க ஆறவேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொட்டால் சூடே தெரியக்கூடாது. வெண்ணெயை அடிக்கும் வேலையே இல்லை. முட்டையையும் ஆறின பாகையும் சேர்த்து நுரைத்துக் கெட்டியாகும்வரை அடித்து, உருக்கி ஆறிய வெண்ணெயையும் பாலையும் ஊற்றி, கடைசியில் சலித்த மைதாவைப் பதமாகக் கலக்கிறேன். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, நுரைத்த வெல்லமாக இருந்தால் ஆப்பசோடா கால் தேக்கரண்டி, இரண்டும் மைதாவோடு சலித்தவை. ஓவன் முன்பே சூடாகி இருக்கவேண்டும். 165 டிகிரி, ஏறக்குறைய 50 நிமிடம், மேலே சிவந்ததும் ஒரு அலுமினியத் தாள் மூடி. மாவு கரண்டியிலிருந்து நாடாபோல விழுந்து, ஒரு நொடி மேலே கோடாக நின்று கரையவேண்டும். உடனே கரைந்தால் தண்ணீர் அதிகம்.

இத்தனை செய்தாலும் இது சீனி கேக் ஆகாது. அந்த வெண்மையான, பஞ்சுபோன்ற உள்பக்கம் வராது. ஈரமாக, நெருக்கமாக, கருஞ்சிவப்பாக இருக்கும், இனிப்பும் ஒரு படி குறைவு. வெனிலா கேக்கை அப்படியே வெல்லத்தில் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அப்பாவுக்குச் சுகர் இருக்குக்கா, அதான் வெல்லத்துல கேக்கேன்" என்று வருகிறவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சீனிச்சத்துதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. எங்கள் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் வெல்லம், நாட்டுச்சர்க்கரை. "சர்க்கரை ஒரு கப்" என்று எழுதிவைத்த செய்முறையைப் படித்துவிட்டு எங்கள் அத்தை ஒரு கப் நாட்டுச்சர்க்கரையை அமுக்கி அளந்து போட்டாள். அமுக்கினால் ஒரு கப்பிலேயே எத்தனை கிராம் கூடும்! கேக் பாறையும் இல்லை, பஞ்சும் இல்லை, ஓரம் கருகி நடுவில் கூழ். அத்தை தன் கை சரியில்லை என்று நினைத்து, அதன்பிறகு ஓவனையே தொடவில்லை. கை சரிதான் அத்தை, எழுதியதுதான் தப்பு. எந்தச் சர்க்கரை, எத்தனை கிராம், பாகில் எத்தனை தண்ணீர், பாலில் எத்தனை குறைக்கவேண்டும் என்று எழுத நான்கு வரி ஆகுமா? அந்த நான்கு வரியை எழுதுங்கள். இல்லையென்றால் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.