‘நூன்’ ஒரு மீனா, மைக்கூடா, வெறும் எழுத்தா?

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் அல்பகராவின் முதல் வசனத்தையும், 105ஆம் அத்தியாயம் அல்ஃபீலின் முதல் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிர்க்குறிகளை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்: அலிஃப், லாம், மீம், மூன்றும் சேர்த்து எழுதப்பட்டவை. ஆனால் அல்ஃபீலில் அதை ‘அலம்’ என்று ஓதுகிறோம், ‘இல்லையா’ என்று கேட்கும் சாதாரண அரபுச் சொல். அல்பகராவில் ‘அலிஃப், லாம், மீம்’ என்று ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் தனித்தனியாகச் சொல்கிறோம். லாமையும் மீமையும் ஆறு மாத்திரை அளவுக்கு நீட்டவும் செய்கிறோம்.

உயிர்க்குறி இல்லாத பழைய ஏடு ஒன்று மட்டும் கையில் இருந்தால் இந்த வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வாயிலிருந்து காதுக்கு ஓதிக் கொடுத்தவர்களால்தான் அது நம்மிடம் வந்தது. அத்தியாயத் தொடக்க எழுத்துகளைப் பற்றிய எந்த விளக்கத்தையும் நான் முதலில் இந்தக் கல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்: அது எப்படி ஓதப்படுகிறது?

இந்த எழுத்துகளுக்கு ‘முகத்தஆத்’ என்று பெயர். துண்டு துண்டாக வெட்டி ஓதப்படுபவை என்று பொருள். 114 அத்தியாயங்களில் 29 இப்படித் தொடங்குகின்றன. சிலவற்றில் ஐந்து எழுத்துகள், சிலவற்றில் மூன்று, சிலவற்றில் இரண்டு. ஒரே ஓர் எழுத்தோடு தொடங்குபவை மூன்றுதான்: 38ஆம் அத்தியாயம் ஸாத், 50ஆம் அத்தியாயம் காஃப், 68ஆம் அத்தியாயம் அல்கலமின் தொடக்கத்தில் நூன். (50இல் வரும் காஃபும், 19ஆம் அத்தியாயமான மர்யமின் முதல் எழுத்தான காஃபும் வேறு வேறு. ஒன்று அடித்தொண்டையில் பிறப்பது, மற்றது நம் ‘க’. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எழுத்தை எண்ண உட்காருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

மூன்றில் நூனைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விரிவுரையாளர்கள் எப்படி யோசித்தார்கள், எங்கே மோதிக்கொண்டார்கள் என்பது இந்த ஓர் எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது.

வசனம் இது: “நூன். எழுதுகோல் மீதும் அவர்கள் எழுதுவதன் மீதும் சத்தியமாக.”

923இல் மறைந்த தபரீ தன் தஃப்ஸீரில், அதாவது குர்ஆன் விரிவுரையில், முன்னோர் கருத்துகளை அறிவிப்பாளர் தொடரோடு வரிசையாகத் தருகிறார். நூன் என்றால் பூமியைச் சுமக்கும் பெரிய மீன் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக வரும் ஒரு கருத்து. நூன் என்றால் மைக்கூடு என்று இன்னொன்று. இப்னு அப்பாஸ் பெயரிலேயே மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ‘அலிஃப் லாம் ரா’, ‘ஹா மீம்’, ‘நூன்’ ஆகியவற்றைச் சேர்த்தால் ‘அர்ரஹ்மான்’ என்ற இறைநாமம் வருகிறது, நூன் அதன் கடைசித் துண்டு.

இவற்றைக் கட்டுக்கதை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அரபியில் ‘நூன்’ என்ற சொல்லுக்கு மீன் என்று உண்மையாகவே பொருள் உண்டு. 21ஆம் அத்தியாயத்தில் யூனுஸ் நபியை ‘துன்னூன்’, அதாவது மீனுக்குரியவர், என்றே குர்ஆன் அழைக்கிறது. அல்கலமின் 48ஆம் வசனத்திலும் அவர் ‘மீன் தோழர்’ என்று வருகிறார், அங்கே சொல் மட்டும் ‘ஹூத்’. ஆகவே மீன் என்று சொன்னவர்கள் ஆதாரமே இல்லாமல் சொல்லவில்லை. மைக்கூடு என்றவர்களுக்கோ அடுத்த சொல்லே ‘எழுதுகோல்’. கோல் இருக்கும் இடத்தில் மையும் இருக்கத்தானே வேண்டும்?

சரி, அப்படியானால் எது சரி? இங்கேதான் 1144இல் மறைந்த ஸமக்‌ஷரீ நுழைகிறார். இலக்கணத்தில் அவரை அசைப்பது கடினம். மைக்கூடு என்ற விளக்கத்தைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வியை என் சொற்களில் தருகிறேன். நூன் என்பது மைக்கூட்டின் பெயர் என்றால், அது ஒன்று பொதுப்பெயராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சிறப்புப்பெயராக இருக்க வேண்டும். பொதுப்பெயர் என்றால் வேற்றுமைக் குறியும் அதன் பின் வரும் ‘ன்’ ஒலியும் எங்கே? சிறப்புப்பெயர் என்றாலும் வேற்றுமைக் குறி வேண்டுமே, அது எங்கே?

அரபியில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்துக்குள் நுழைந்தால் அதன் கடைசி ஒலி மாறும். இந்த வசனத்தில் பக்கத்திலேயே இருக்கும் ‘கலம்’, சத்தியத்துக்கு உட்பட்டு ‘வல்கலமி’ என்று கடைசியில் இகரம் பெறுகிறது. நூனும் சத்தியம் செய்யப்படும் ஒரு பொருளின் பெயர் என்றால் அதுவும் அப்படி ஏதாவது பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. வழக்கிலுள்ள பத்து ஓதல் முறைகளிலும் அது மெய்யில் நின்றுவிடுகிறது: ‘நூன்’. எழுத்துகளை ஒன்றொன்றாகச் சொல்லும்போது அரபியர் இப்படித்தான் சொல்வார்கள்: அலிஃப், லாம், மீம், நூன்.

ஓதல் முறைகளுக்குள் உள்ள நுட்பம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஓதல் ஆசிரியர் ஆஸிமிடமிருந்து அவர் மாணவர்கள் வழியாக வரும் இரண்டு அறிவிப்புகளில், ஹஃப்ஸ் ‘நூன்’ என்பதன் கடைசி ஒலியைத் தெளிவாகச் சொல்லி, அப்புறம் ‘வல்கலமி’ என்கிறார். ஷுஅபா அந்த ஒலியை அடுத்த ‘வ’வுக்குள் கரைத்து ஓதுகிறார். கரைப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுவதே அது உயிரில்லாத மெய்யாக நிற்பதால்தான். மதீனாவின் அபூ ஜஃபர் ஓதல் முறையிலோ இந்தத் தொடக்க எழுத்துகள் ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூச்சு விடாமல் சிறிது நிறுத்தம் உண்டு. ‘வெட்டப்பட்டவை’ என்ற பெயரைக் காதாலேயே கேட்கலாம்.

காஃபுக்கும் இதே கதைதான். அது பூமியைச் சுற்றி நிற்கும் மலையின் பெயர் என்றொரு கருத்து பழைய நூல்களில் உண்டு. 1373இல் மறைந்த இப்னு கஸீர் அதை எடுத்துச் சொல்லிவிட்டு, இது இஸ்ரவேலரின் கட்டுக்கதைகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார். ஓதும் விதத்தைப் பார்த்தாலும் காஃப் எழுத்தாகத்தான் நிற்கிறது, மலையாக இல்லை.

எழுத்து வெறும் எழுத்துதான் என்றால் அதை ஏன் அங்கே வைக்க வேண்டும்? ஸமக்‌ஷரீ முன்னிறுத்தும் பதில் இது: இந்த வேதம் நீங்கள் தினமும் பேசும் அதே எழுத்துகளால் ஆனது, இருந்தும் உங்களால் இதுபோல் ஒன்றைக் கொண்டுவர முடியவில்லை. அதற்கு அவர் தரும் ஆதாரம் எனக்கு மிகவும் பிடித்தது. 29 அத்தியாயங்களில் வரும் எழுத்துகளில் திரும்ப வருபவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 14. அலிஃபையும் ஹம்ஸாவையும் ஒன்றாக எண்ணினால் அரபி எழுத்துகள் 28, ஆக இது சரிபாதி. அதோடு ஒலி வகைகளிலும் பாதி பாதியாக வருகிறது என்கிறார். ஒரு வகையை நீங்களே சரிபார்க்கலாம். மூச்சோடு மெல்ல ஒலிப்பவை என்று பழைய அரபி இலக்கணம் கணக்கிடும் எழுத்துகள் பத்து. அவற்றில் ஸாத், காஃப் (நம் ‘க’ போன்றது), மெல்லிய ஹா, ஸீன், தொண்டை ஹா ஆகிய ஐந்து இங்கே வருகின்றன. ஃபா, ஸா, ஷீன், கா, தா ஆகிய ஐந்து வரவில்லை.

இப்னு கஸீரும் இந்தக் கருத்தின் பக்கம்தான் சாய்கிறார். இந்த அத்தியாயங்கள் ஒவ்வொன்றிலும் குர்ஆனின் உயர்வு பேசப்படுகிறது என்கிறார். பெரும்பாலானவற்றில் எழுத்துக்கு அடுத்த வரியிலேயே அது வந்துவிடுகிறது: “இது வேதம், இதில் சந்தேகமில்லை”, “ஸாத், நினைவூட்டும் குர்ஆன் மீது சத்தியமாக”. ஆனால் அடுத்த வரி என்று பார்த்தால் நான்கு அத்தியாயங்கள் ஒத்துவரவில்லை. மர்யம், அல்அன்கபூத், அர்ரூம், அப்புறம் நம் அல்கலம். அல்கலமில் வருவது வேதம் இல்லை, எழுதுகோல். எழுதுகோலும் எழுத்தும் நெருங்கிய உறவுதான் என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனாலும் அதை விதிக்குள் திணிக்க நான் விரும்பவில்லை.

இன்னொரு நிலைப்பாடும் உண்டு, அதை நான் சமமாக மதிக்கிறேன். ஒவ்வொரு வேதத்திலும் இறைவனின் ரகசியம் ஒன்று உண்டு, குர்ஆனில் அது அத்தியாயத் தொடக்கங்கள் என்ற கூற்று அபூபக்ர் (ரலி) பெயரில் வருகிறது. இதன் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று நிறுத்திக்கொண்டவர்கள் சோம்பலால் நிறுத்தவில்லை. நபி (ஸல்) விளக்கியதாக உறுதியான செய்தி எதுவும் இல்லாத இடத்தில் அவர்கள் வாயை மூடினார்கள். ஸமக்‌ஷரீயின் விளக்கமும் நூன் ஏன் 68இல், காஃப் ஏன் 50இல் என்பதைச் சொல்வதில்லை. அதனால் இரண்டு நிலைப்பாடுகளையும் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன்.

என்னைக் கலங்க வைப்பது எண்கணக்குகள். அவற்றின் கதை புதிதல்ல. மதீனாவின் யூதர் ஹுயய் பின் அக்தப் ‘அலிஃப் லாம் மீம்’ ஓதப்படுவதை அறிந்து, எழுத்துக்கு எண் போட்டு 1, 30, 40, ஆக 71 ஆண்டுகள்தான் இந்தச் சமூகத்தின் ஆயுள் என்று கணக்கிட்டதாக ஒரு செய்தி உண்டு. இப்படி வேறு தொடக்க எழுத்துகள் உண்டா என்று கேட்க, 161, 231, 271 என்று எண்கள் ஏறின. எல்லாம் சேர்ந்து 734 ஆனதும் விஷயம் குழம்பிவிட்டது என்று எழுந்து போனார்களாம். இப்னு கஸீர் இதை இரண்டு வழியில் தட்டுகிறார். செய்தி கல்பீ என்பவரைச் சுற்றியே வருகிறது, தனியாக அவர் சொல்வது ஏற்கத் தக்கதல்ல. அதோடு, இந்த முறை சரி என்றால் பதினான்கு எழுத்துகளையும் அல்லவா கூட்டியிருக்க வேண்டும்?

நம் காலத்தில் ரஷாத் கலீஃபா என்பவர் 1970களில், குர்ஆனின் எழுத்து எண்ணிக்கைகள் 19ஆல் வகுபடும் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். அல்கலமில் நூன் 133 முறை வருகிறது, அது 19ஐ ஏழால் பெருக்கியது என்றார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வருவதற்கு முதல் எழுத்தை ‘நூன், வாவ், நூன்’ என்று அதன் பெயராக விரித்து எழுதி, ஒரு நூனைக் கூடுதலாகப் பெற வேண்டியிருந்தது. இன்று நம் கையில் இருக்கும் குர்ஆன் பிரதியைத் திறந்து 68ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது ஒரே ஓர் எழுத்து, ن. அதே கணக்குக்காக அவர் ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களையே குர்ஆனில் இல்லாதவை என்று நீக்கினார்.

மீன் என்று சொன்னவர்கள் தங்கள் விளக்கத்துக்காக ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மைக்கூடு என்று சொன்னவர்களும் மாற்றவில்லை.