"கருத்துகள் என்னுடையவை" என்ற அந்த ஒரு வரி

சமூக வலைதளப் பக்கத்தின் முகப்பில் 'இங்கே எழுதுவதெல்லாம் என் சொந்தக் கருத்து, நான் வேலை செய்யும் நிறுவனத்தின் கருத்து அல்ல' என்று போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மனிதவளத் துறையில் 14 வருடமாக இருக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தபோது அந்த வரி யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

அந்த வரிக்கு ஒரே ஒரு வேலைதான். படிப்பவர் உங்களை நிறுவனத்தின் சார்பில் பேசுகிறவர் என்று நினைத்துவிடாமல் தடுக்கும். பட்ஜெட்டைப் பற்றியோ மெட்ரோ கட்டணத்தைப் பற்றியோ எழுதும்போது அது தேவைதான். ஆனால் வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அதை அந்த வரி அழிக்காது. அவதூறு வழக்கையும் தடுக்காது.

போன மாதம் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி, பதிவாகப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரைவு அனுப்பினார். பழைய கம்பெனியை விட்டு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் எழுதியிருந்தது இது: "2 வருட நரகம் முடிந்தது. 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு டைம்ஷீட்டில் 8 என்று போடச் சொன்ன மேனேஜரிடமிருந்து விடுதலை. மும்பை வங்கி ப்ராஜெக்ட் மூன்று முறை தள்ளிப்போனதற்கும் அவர்தான் காரணம்."

"யார் பேரையும் போடலையே அண்ணா" என்றார். ஆனால் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் கம்பெனி பெயரும் வேலை செய்த மாதங்களும் இருக்கின்றன. ஒன்பது பேர் குழு, ஒரே மேனேஜர். அந்த அலுவலகத்தில் யார் படித்தாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அவதூறுக்குப் பெயர் சொல்லியிருக்க வேண்டியதில்லை, தெரிந்தவர்கள் அடையாளம் காண முடிந்தால் போதும். இப்போது அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

"உண்மையைத்தானே எழுதினேன்" என்று கேட்டார். அந்தப் பிரிவில் உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காக வெளியிட்டது என்றும் காட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டைம்ஷீட் முழுவதும் கம்பெனியின் கணினியில் இருக்கிறது, அவருடைய லாகின் கடைசி நாள் மாலையே மூடப்பட்டுவிட்டது. எதைக் கொண்டு நிரூபிப்பார்?

அப்புறம் அந்த மூன்றாவது வாக்கியம். மேனேஜரைத் திட்டியதுதான் ஆபத்து என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதிகம் பயம் தந்தது "மும்பை வங்கி" என்ற இரண்டு சொற்கள். யார் வாடிக்கையாளர், அவர்களுடைய வேலை எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் வாடிக்கையாளருக்குச் சொந்தமான தகவல். வேலையை விட்ட பிறகும் அந்தக் கட்டுப்பாடு தொடரும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அவருக்கு ஃபுல் அண்ட் ஃபைனல் பணம்கூட இன்னும் வரவில்லை.

இதனால் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. பொய் டைம்ஷீட் எழுதச் சொல்வது தவறு, அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு இடம் ஹெச்.ஆருக்கோ நிறுவனத்தின் புகார்க் குழுவுக்கோ தேதி, மணி நேரம் குறித்து எழுதும் மின்னஞ்சல். வேலையில் இருக்கும்போதே எழுதினால் பலம் அதிகம், பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பாலியல் தொல்லை என்றால் இன்னும் கவனம் வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடுவதை, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

இன்னொன்று. திட்டும்போது மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உங்கள் கம்பெனியின் பொருளை "நான் வாங்கியதிலேயே இதுதான் சிறந்தது" என்று புகழ்ந்தால், அங்கே வேலை செய்கிறேன் என்பதை அதே பதிவில் சொல்ல வேண்டும். 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளில் வேலைத் தொடர்பையும் சேர்த்திருக்கிறது. முகப்பில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் வரி இதற்குப் போதாது.

தம்பியும் நானும் உட்கார்ந்து வரைவைத் திருத்தினோம். ஆள் போனார், வங்கி போனது, அவருடைய அனுபவம் மட்டும் நின்றது: "2 வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ரிலீஸ் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை, கூடுதல் நேரத்தை எப்படிக் கணக்கெடுப்பீர்கள் என்று இனி ஒவ்வொரு நேர்காணலிலும் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்." டைம்ஷீட் விஷயத்தைத் தனியாக ஹெச்.ஆருக்கு எழுதினார், தனக்கு நினைவிருந்த ஏழு தேதிகளோடு.