ஜாயினிங் போனஸும் மார்ச் 31-ஆம் தேதியும்

ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி "அண்ணா, சைன் பண்ணலாமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தையும் சம்பளப் பட்டியலையும்தான் அனுப்புகிறார்கள். நான் கேட்பது ஜாயினிங் போனஸ் பற்றிய பத்தியை. நாலைந்து வரிதான் இருக்கும். என் கருத்தில் அந்தப் பணத்தை முதல் வருடம் முழுக்கக் கடனாகவே நினைக்க வேண்டும். அதுவும் கைக்கு வந்ததைவிட அதிகமாகத் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

அது எப்படி அதிகமாகும் என்று கேட்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு ஐடி நிறுவனம், பெயர் வேண்டாம். சிடிசி 28 லட்சம் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் நிலையான சம்பளம் 24 லட்சம், மீதி 4 லட்சம் ஜாயினிங் போனஸ். அடுத்த வருட இன்கிரிமென்ட் 24-இன் மீதுதான் கணக்காகும் என்பது தனிச் சங்கதி. 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி சேர்ந்தார். போனஸ் அக்டோபர் மாதச் சம்பளத்தோடு, 31-ஆம் தேதி வந்தது. போனஸும் சம்பளம்தான் என்பதால் டிடிஎஸ் உண்டு. அவர் 30 சதவீத அடுக்கில் இருந்தார், செஸ் சேர்த்து 31.2 சதவீதம். 1,24,800 ரூபாய் வரியாகப் போய், கையில் விழுந்தது 2,75,200.

அடுத்த ஜூலையில் வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. 10-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தார். 60 நாள் நோட்டீஸ், கடைசி வேலை நாள் செப்டம்பர் 8. சேர்ந்து ஒரு வருடமும் ஆறு நாளும் ஆகிவிட்டது, இனி போனஸைப் பற்றிக் கவலையில்லை என்று இருந்தார். ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு வந்தபோது 4,00,000 ரூபாய் பிடித்தம் என்று இருந்தது. கடிதத்தில் 12 மாதம் என்றுதான் போட்டிருந்தது, ஆனால் எண்ண ஆரம்பிப்பது பணம் கொடுத்த தேதியிலிருந்து. அதாவது 2025 அக்டோபர் 31 வரை அவர் ரோலில் இருந்திருக்க வேண்டும். பணம் வந்தபின் பத்து மாதத்துக்கு மேல் இருந்ததற்கு எந்தக் கழிவும் இல்லை, முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தேதி விஷயம் எளிது. சேர்ந்த நாளிலிருந்தா, பணம் வந்த நாளிலிருந்தா? முடிவது ராஜினாமா கொடுத்த நாளிலா, கடைசி வேலை நாளிலா? இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டால் போதும்.

வரி விஷயம்தான் உண்மையில் வலிக்கிறது. கைக்கு வந்தது 2,75,200, கேட்டது 4,00,000. நடுவில் இருக்கும் 1,24,800 ஏற்கெனவே அரசுக்குப் போய்விட்டது. அவர் அதே நிதியாண்டுக்குள், அதாவது 2025 மார்ச் 31-க்குள் விலகியிருந்தால், பேரோல் ஆட்கள் அந்த 4 லட்சத்தை அந்த வருடச் சம்பளக் கணக்கிலிருந்து கழித்து டிடிஎஸ்ஸைச் சரிசெய்ய முடியும். மார்ச் தாண்டி படிவம் 16 கைக்கு வந்தபிறகு, "போன வருடக் கணக்கு முடிந்தது, நீங்களே ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ரிட்டர்னில் அது அவ்வளவு சுலபமில்லை. நிறுவனம் காட்டிய சம்பளத்துக்கும் நாம் காட்டும் சம்பளத்துக்கும் வித்தியாசம் வந்தால் வருமான வரித் துறையிடமிருந்து நோட்டீஸ் வர வாய்ப்பிருக்கிறது. நோட்டீஸ் நாட்களை முடிக்காமல் போனதற்காக நிறுவனம் சம்பளத்தில் பிடித்த வழக்குகளில் வருமான வரித் தீர்ப்பாயங்கள் ஊழியருக்குச் சாதகமாகச் சொன்னது உண்டு. ஆனால் அதற்காக யார் தீர்ப்பாயம் வரை ஏறி இறங்குவது? நல்ல ஆடிட்டரிடம் கேட்காமல் இதில் கைவைக்க வேண்டாம்.

ஆகவே கையெழுத்துக்கு முன் எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். திருப்பித் தர வேண்டி வந்தால் வரி போக கைக்கு வந்த தொகையா, முழுத் தொகையா? இருந்த மாதங்களுக்குக் கழிவு உண்டா? "இது எல்லாருக்கும் இருக்கிற ஸ்டாண்டர்ட் கிளாஸ்" என்றுதான் முதல் பதில் வரும். கழிவைக் கேட்டால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். நெட் தொகைக்கு ஒத்துக்கொள்பவர்கள் குறைவு. அப்படியானால் போனஸை வருடக் கடைசியில் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு தவணையாகக் கேளுங்கள். இன்னும் கொடுக்காத பணத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

அந்தப் பத்தியில் இன்னொரு வாசகம்: "எந்தக் காரணத்துக்காக விலகினாலும்". இதில் லேஆஃபும் அடங்கிவிடும். அவர்களே அனுப்பிவிட்டு அவர்களே பணத்தையும் கேட்பது என்ன நியாயமோ! ஊழியர் தானாக ராஜினாமா செய்தால் அல்லது ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே ஜாயினிங் போனஸைத் திரும்பக் கேட்கத் தனி ஒப்பந்தம் வேண்டும், வக்கீலிடம் காட்ட ஐந்து வேலை நாள் தர வேண்டும், இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது, இருந்த காலத்துக்குக் கழிவு தர வேண்டும், வட்டி கேட்கக் கூடாது. போனஸைக் காலம் முடிந்தபிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையும் ஊழியருக்கு உண்டு. இங்கே ஒவ்வொன்றையும் நாமே பேசித்தான் வாங்க வேண்டும்.

"இந்த பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமா கையெழுத்துப் போடு" என்று சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் இருக்கிறார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும், அது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்லும் தொழில் தடை ஆகாது என்றது. பொதுத்துறை வங்கி என்பதையும் அதில் கணக்கில் எடுத்தார்கள், வாஸ்தவம்தான். ஆனால் நம் விஷயத்தில் கையில் வாங்கிய பணத்தை அல்லவா கேட்கிறார்கள்? போதாக்குறைக்கு ரிலீவிங் லெட்டர் அவர்கள் கையில். கோர்ட்டுக்குப் போகும் முன்பே நாம் கட்டிவிடுவோம். அந்தத் தம்பியும் கட்டினார். கடைசி மாதச் சம்பளமும் லீவு காசும் போக 2,70,000 ரூபாய்.

புது கம்பெனி அதைத் தருவதாகச் சொன்னது. பைஅவுட் என்பார்கள். கேட்க இனிக்கும், ஆனால் அதுவும் சம்பளமாகத்தான் வரும், அதற்கும் வரி உண்டு. 4 லட்சம் நிகரமாகக் கைக்கு வர அவர்கள் சுமார் 5,81,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இவருக்கு வந்தது 4 லட்சம், வரிக்கு முன். அதற்கும், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று கிளாபேக் போட்டிருந்தார்கள்.

வேலையை விட்டுப் போகாமல் இருக்கத் தரும் ரிடென்ஷன் போனஸில் பொறி வேறு இடத்தில். பெரும்பாலும் பணம் கடைசியில்தான் வரும், திருப்பித் தரும் தொல்லை குறைவு. ஆனால் "பணம் வழங்கும் நாளில் ரோலில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்தில் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். உங்கள் நோட்டீஸ் 90 நாள், போனஸ் மார்ச் 31-க்கு என்று வையுங்கள். ஜனவரியில் பேப்பர் போட்டால் மார்ச் 31 அன்று ரோலில் இருந்தும் ஒரு பைசா வராது. ஏப்ரல் சம்பளத்தோடு கொடுப்பது வழக்கமென்றால் அது கணக்கில் விழும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

எச்.ஆர் போனில் சொல்லும் வாக்குறுதிகளையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். வேலைக்குச் சேரும் முன் வந்த மெயில் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கும், பிரச்சினை இல்லை. ரிடென்ஷன் கடிதம் ஆபீஸ் மெயிலுக்கோ எச்.ஆர் போர்ட்டலுக்கோ வரும், கடைசி நாள் மாலை இரண்டும் மூடிவிடும். அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கையெழுத்திடும் அன்றே எச்.ஆரிடம் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.