கப் அண்ட் ஹேண்டில் வரைவதற்கு முன்னால் ஒரு கணக்கு

நான் இருக்கும் டெலிகிராம் குழுக்களில் மாதத்துக்கு ஒருமுறையாவது கப் அண்ட் ஹேண்டில் படம் வந்துவிடும். பிட்காயின் அல்லாத ஏதோ ஒரு காயினின், அதாவது ஓர் ஆல்ட்காயினின் வாராந்திர விலைச் சார்ட், அதன் அடியில் மஞ்சள் நிறத்தில் பெரிய வளைவு, வலது பக்கம் சின்னதாக ஒரு கைப்பிடி, அங்கிருந்து வானத்தைப் பார்த்து ஓர் அம்பு. கீழே "நாலு வருஷ பேஸ், உடைச்சா நிக்காது" என்று ஒரு வரி. உச்சத்திலிருந்து விழுந்த விலை வட்டமாகத் திரும்பி அதே உச்சத்துக்கு வந்தால் கப், அங்கே கொஞ்சம் இறங்கினால் ஹேண்டில்; அந்தப் பழைய உச்சம்தான் விளிம்பு, அதைத் தாண்டுவதுதான் பிரேக்அவுட். யாராவது சந்தேகம் கேட்டால், இந்த பேட்டர்ன் தோற்பது நூற்றுக்கு ஐந்துதான் என்று பதில் வரும்.

அந்த ஐந்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சார்ட் பேட்டர்ன்களை வருடக்கணக்கில் எண்ணித் தொகுத்தவர் தாமஸ் புல்கோவ்ஸ்கி. ஏறுமுகச் சந்தையில் கப் அண்ட் ஹேண்டிலுக்கு அவர் கொடுக்கும் தோல்வி விகிதம்தான் அந்த 5. ஆனால் அவர் எண்ணியது அமெரிக்கப் பங்குகளை. அதுவும் விலை வலது விளிம்புக்கு மேல் முடிந்த பிறகுதான் அவருடைய எண்ணிக்கை ஆரம்பிக்கிறது. பிரேக்அவுட்டுக்குப் பிறகு 5 சதவீதம்கூட ஏறாமல் திரும்பினால் மட்டுமே அது தோல்வி. 6 சதவீதம் ஏறிவிட்டு அதலபாதாளத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கில் அது தோல்வியில் சேராது.

நம் குழுவில் வரும் படத்தில் விலை இன்னும் விளிம்புக்கே வந்திருக்காது. பாதி கப்பில் நிற்கும் காயினுக்கு, விளிம்பைத் தாண்டிய பங்குகளின் வெற்றி விகிதத்தை ஒட்டிவிடுகிறோம். என் கோபம் எல்லாம் இதில்தான். இந்தப் படத்தை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, ஆல்ட்காயினில் நிஜமான கணக்கு என்ன? 2018 ஜனவரியில் பெரிதாக இருந்த 12 ஆல்ட்காயின்களை எடுத்து நானே எண்ணிப் பார்த்தேன்: ஈதர், எக்ஸ்ஆர்பி, பிட்காயின் கேஷ், கார்டானோ, நெம், லைட்காயின், ஸ்டெல்லர், அயோட்டா, டேஷ், நியோ, இயாஸ், மொனேரோ. இவை எல்லாமே 2018-ல் படுத்து, 2019, 2020 முழுக்க அடியில் கிடந்து, 2021-ல் எழுந்தன. சம மடங்கு ஏற்றங்களைச் சம உயரமாகக் காட்டும் லாக் ஸ்கேலில் பார்த்தால் பன்னிரண்டிலும் கப்பின் வட்டமான அடியை, ரவுண்டிங் பாட்டத்தை, வரையலாம். 2021 தொடக்கத்தில் வரைந்தும் இருந்தார்கள்.

பழைய உச்சத்தைத் தாண்டி, அதற்கு மேல் மாதக்கணக்கில் நின்று, இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் போனவை ஈதரும் கார்டானோவும் மட்டுமே. லைட்காயின் தாண்டியது, சில நாள்கூட நிற்கவில்லை. மொனேரோ சில தளங்களின் சார்ட்டில் மயிரிழையில் தாண்டியது, சிலவற்றில் தாண்டவே இல்லை. மீதி எட்டும் அந்தச் சுற்றில் விளிம்பையே தொடவில்லை. ஸ்டெல்லர் ஓரளவு நெருங்கியது. நியோ 198 டாலர் விளிம்புக்கு 140 வரை வந்து திரும்பியது. 1,600 டாலர் பார்த்த டேஷ் 500-ஐக்கூடத் தொடவில்லை.

அதாவது பன்னிரண்டில் பத்து தோல்வி. சின்ன சாம்பிள்தான், ஒரே ஒரு சுற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எடுத்தவை அன்றைய முன்வரிசைக் காயின்கள், எல்லாமே உயிரோடு இருந்தவை. அதே ஜனவரியில் பெரிய காயின்களின் பட்டியலில் இருந்த பிட்கனெக்ட் அந்த மாதமே சரிந்து ஒழிந்தது. அதைப் போன்றவற்றையும் சேர்த்தால் விகிதம் இன்னும் மோசமாகும். செத்த காயினின் சார்ட்டை யாரும் குழுவில் போடுவதில்லை.

இதில் லைட்காயினைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் பணம் போனது அதில்தான்.

2017 டிசம்பரில் ஏறக்குறைய 375 டாலர், அது இடது விளிம்பு. 2018 டிசம்பரில் 23 டாலருக்கு அருகில். 94 சதவீதச் சரிவு. பங்குகளில் நல்ல கப்பின் ஆழம் 12-லிருந்து 33 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். காரணம் எளிது: 33 சதவீதம் விழுந்தால், திரும்ப விளிம்புக்கு வர ஒன்றரை மடங்கு ஏறினால் போதும். 94 சதவீதம் விழுந்தால் 16 மடங்கு ஏற வேண்டும். லாக் ஸ்கேல் அந்த 16 மடங்கை அழகான வளைவாக்கிக் காட்டிவிடுகிறது. அடிப்பகுதியும் உண்மையில் வட்டமாக இல்லை. 2019 ஜூனில் 146-க்குப் போய், 2020 மார்ச்சில் திரும்ப 25-க்கு வந்தது. மஞ்சள் கோடு வரைகிறவர்கள் அந்த மேட்டைக் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை.

2021 ஏப்ரலில் 335 வரை ஏறி, ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கி, மறுபடி நிமிர்ந்தது. கைப்பிடி கப்பின் மேல் பாதியில்தான் இருந்தது, பாடப்படி எல்லாம் சரி. மே 9 ஞாயிற்றுக்கிழமை. மறுநாளிலிருந்து தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, வீட்டில் எல்லாரும் சாமான் வாங்கி வைக்கும் பரபரப்பில் இருந்தார்கள். நான் மொட்டை மாடியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விலை விளிம்பைத் தாண்டியதும் 380 சொச்சத்தில் வாங்கினேன். திங்கள்கிழமை 413-ஐத் தொட்டது. கப்பின் ஆழத்தை விளிம்போடு கூட்டி, டார்கெட் 727 என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் விலை விளிம்புக்குக் கீழே. மே 19 சரிவில் 200-க்கும் கீழே. 2025 முடியும்வரை 375-ஐ அது திரும்பத் தொடவில்லை. ஆனால் 375-லிருந்து 413 என்பது 10 சதவீத ஏற்றம். அந்த 5 சதவீதப் புள்ளிவிவரத்தின் அளவுகோலை வைத்தால், என் லைட்காயின் கப் ஜெயித்த பேட்டர்ன்.

வாங்கும் முன்பே எச்சரிக்கை கண்ணுக்கு எதிரே இருந்தது. நான் டாலர் சார்ட்டை மட்டும் பார்த்தேன், லைட்காயின் விலையைப் பிட்காயினில் காட்டும் `LTC/BTC` சார்ட்டைத் திறக்கவே இல்லை. 2017 உச்சத்தில் ஒரு லைட்காயின் ஏறக்குறைய 0.02 பிட்காயின். 2021 மே உச்சத்தில் 0.007 தான். டாலரில் விளிம்பைத் தாண்டிய அதே நாளில், பிட்காயின் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தது. அந்த ஏற்றம் பெருமளவு பிட்காயின் தூக்கிவிட்டது. அது இறங்கியதும் லைட்காயினைத் தாங்க யாரும் இல்லை.

ஜெயித்த ஈதரையும் பாருங்கள், அதுவும் சுகமாகப் போகவில்லை. 2018 ஜனவரி விளிம்பு 1,430 டாலருக்கு அருகில். 2021 ஜனவரியில் 1,350 வரை வந்து, ஓரிரு நாளில் 915 அளவுக்கு விழுந்தது. பிறகு விளிம்பை லேசாகத் தாண்டி, மறுபடி 1,050-க்கு அருகில் இறங்கி, பிப்ரவரித் தொடக்கத்தில்தான் தெளிவாக உடைத்தது. 2,000-ஐத் தாண்டியதும் நிம்மதி என்று நினைத்தவர்களுக்கு, அந்த மாதக் கடைசியில் விலை 1,300-க்கு வந்தது. விலை இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸை விளிம்புக்கு சற்றுக் கீழே போட்டவர்கள் எல்லாம் வெளியேறியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் மே மாதத்து 4,300. அதாவது, ஜெயித்த பேட்டர்னிலும் ஒழுங்காக ரிஸ்க் பார்த்தவர் நஷ்டத்தில் வெளியே வந்திருக்கலாம். தோல்வி விகிதத்தில் இவர்கள் கணக்கே வராது.

விளிம்பு எங்கே என்பதிலும் ஒரு சிக்கல். எக்ஸ்ஆர்பியின் 2018 உச்சம் சில தளங்களில் 3.84 டாலர். அன்றைக்குக் கொரியச் சந்தையில் எல்லாக் காயினும் கூடுதல் விலைக்குப் போனது, அதையும் சேர்த்த சராசரி அது. 2018 ஜனவரி 8-ல் விலைகளைத் தொகுக்கும் காயின்மார்க்கெட்கேப் தளம் கொரிய விலைகளைச் சராசரியிலிருந்து நீக்கியது. மற்ற சார்ட்டுகளில் அதே உச்சம் 3.30-க்கும் 3.40-க்கும் இடையில். 2025 ஜூலையில் விலை 3.65 போனபோது ஒரு சார்ட்டில் ஏழு வருட பேஸ் உடைந்துவிட்டது, இன்னொன்றில் உடையவே இல்லை.

இன்னொன்று, சப்ளை, அதாவது புழக்கத்தில் இருக்கும் காயின்களின் எண்ணிக்கை. பங்கு சார்ட்டில் பழைய விளிம்பு என்றால் பழைய மதிப்பு என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். ஆல்ட்காயினில் அது பெரும்பாலும் பொய். ஃபைல்காயின் 2021 ஏப்ரலில் 237 டாலரைத் தொட்டபோது புழக்கத்தில் இருந்தது ஏழு கோடிக்கும் குறைவு. 2025-ல் அறுபது கோடிக்கும் மேல். இன்று அந்த 237-க்கு வர வேண்டுமானால் மொத்த மதிப்பு 14,000 கோடி டாலரைத் தாண்ட வேண்டும். அந்தச் சார்ட்டில் வலது விளிம்பு வரைகிறவர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தாரா? ஈதரின் சப்ளை 2018 ஜனவரியிலிருந்து 2021 ஜனவரி வரையிலான மூன்று வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடியது. அது ஜெயித்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

அப்புறம் இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. மூன்று கப்பில் தலா ஒரு லட்சம் போடுகிறீர்கள். ஒன்று 60 சதவீதம் ஏறுகிறது, இரண்டில் 20 சதவீத ஸ்டாப் லாஸ் அடிக்கிறது. கையில் நிகர லாபம் 20,000. ஆனால் வரி 60,000-க்கு: 18,000, செஸ் 720. மிச்சம் 1,280 ரூபாய். மூன்றில் ஒன்று ஜெயித்தே இந்த நிலை என்றால், ஆறில் ஒன்று ஜெயிக்கும் சந்தையில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் இப்போதும் இந்த பேட்டர்னைப் பார்க்கிறேன். ஆனால் யாராவது படம் போட்டால் முதலில் நோட்டில் தேதி, அன்றைய விலை, எந்த எக்ஸ்சேஞ்சின் சார்ட், விளிம்பு எவ்வளவு, அன்றைய சப்ளை, பிட்காயின் ஜோடியில் அது எங்கே நிற்கிறது, இவற்றை எழுதிவிடுகிறேன். எது வெற்றி என்பதையும் அப்போதே எழுதுகிறேன்: விளிம்புக்கு மேல் நாலு வாரம் தொடர்ந்து முடிய வேண்டும், கப் ஆழத்தில் பாதியாவது மேலே போக வேண்டும். பிறகு மாற்ற மாட்டேன். 2021 உச்சத்தை விளிம்பாக வைத்து வரைந்த கப்கள்தான் இப்போது அந்த நோட்டில் வரிசையாக இருக்கின்றன. இப்படி எழுதி வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், தோற்றவற்றையும் சேர்த்து கீழே போடுங்கள், ஒன்றாக எண்ணலாம்.