பட்டம் வாங்கியதும் வந்த பில்

வேலைக்கான நேர்காணல் அழைப்பு ஒன்றுகூட வராத நிலையில், நான் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டேன் என்று இந்தப் பாட்டுச் செயலி மட்டும் எப்படித்தான் முடிவுகட்டியதோ தெரியவில்லை. 59 ரூபாயாக இருந்த மாணவர் சந்தா சத்தமில்லாமல் 119 ஆகிவிட்டது. முன்னறிவிப்பு அனுப்பினார்களாம், கல்லூரி முடக்கிவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்கு! ஆட்டோபே அனுமதியில் உச்சவரம்பாக ஒரு பெரிய தொகையைப் போட்டுவைத்தது இதற்குத்தானா? அந்த வரம்புக்குள் இருந்தால் ஓடிபி கேட்காமலே பிடித்துக்கொள்ளலாம் என்பதால், முந்தைய நாள் வரும் ஒரு குறுஞ்செய்திதான் எச்சரிக்கை. அதுவும் கடன் விளம்பரங்களுக்கு நடுவே. முழு விலைக்குத் தொடர மனம் ஒப்பவில்லை. ரத்து செய்தாலோ, பேருந்துப் பயணத்துக்காகத் தரவிறக்கிய பாடல்களெல்லாம் பூட்டிக்கொள்ளும். ரத்துப் பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினால், "நிச்சயமாகவா?" என்று மும்முறை கேட்கிறார்கள். விலையை ஏற்றும்போது ஒரு முறையாவது கேட்டார்களா?