வாந்தி எடுத்ததும் பல் விளக்கலாமா?

"மாசமா இருக்கறவங்க வாந்தி எடுத்த கையோட பல்லு வெளக்கிரோணும், இல்லீனா அரிச்சுப் போயிருமுங்க." (ஈரோடு பக்கம் சுற்றும் வாட்ஸ்அப் செய்தி)

தவறு. இரைப்பை அமிலம் பட்டதும் எனாமல் கொஞ்ச நேரம் இளகி நிற்கும். அப்போது பிரஷ் போட்டால் அதுவே வழித்துக்கொண்டு போய்விடும். போனது திரும்ப வளராது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து கொப்பளித்துத் துப்பினால் அமிலம் முறியும். ஒரு மணி நேரம் கழித்துப் பல் விளக்கலாம். குமட்டலுக்கு எலுமிச்சை சப்புவதும் நல்லதல்ல, அதுவும் அமிலந்தானே!

என் தங்கைக்கு நான்காம் மாதத்தில் மேல் முன்பற்களின் உட்பக்கம் வழவழத்து, தண்ணீர் பட்டாலே கூசியது. கடைவாயில் சொத்தை வேறு. கர்ப்பம் என்று சொல்லியே எக்ஸ்ரே எடுத்தாள். கதிர் தாடையில்தான் விழும், அளவும் மிகச் சொற்பம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசியும் கர்ப்பத்தில் போடக்கூடியதே. மரத்ததும் சொத்தையை அடைத்தார்கள்.