உறைந்த இறாலுக்கு வெந்நீர் வேண்டாம்

“ஃப்ரீசர் இறாலை வெந்நீரில் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் இளகிடும். மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வச்சுக்கலாம்” என்று சிலர் சொல்வதுண்டு.

இரண்டுமே தவறு. வெந்நீரில் இறாலின் வெளிப்பக்கம் அரைவேக்காடாக வெளுத்துச் சுருளும், நடுவிலோ பனிக்கட்டி அப்படியே இருக்கும். அந்த வெதுவெதுப்பில் கிருமிகளும் வேகமாகப் பெருகும்.

குளிர்ந்த நீரே போதும். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை வெகு வேகமாகக் கடத்தும். கசியாத பையில் இறாலைப் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, முழுக்க மூழ்க வையுங்கள். பை கசிந்தால் ருசியும் தண்ணீரோடு போய்விடும்.

ஃப்ரீசர் இறாலை நம்பியிருக்கும் மீன்பிடித் தடைக்காலம் நாகப்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நல்ல கோடை. அப்போது மாடித்தொட்டிக் குழாயில் வருவதே வெந்நீர்தான்! பானைத் தண்ணீரோடு கொஞ்சம் ஐஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியாக உறைந்த அரை கிலோ இறாலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உதிரியாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒன்றரை கிலோ மீன் துண்டுகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அமுக்கினால் நடுவில் கல் மாதிரி தட்டுப்படாவிட்டால் சரி.

அப்புறம் உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். உறைந்தபோது கிருமிகள் சாகவில்லை, தூங்கின, அவ்வளவுதான். நடு இளகுவதற்குள் மேல்பக்கம் சூடேறி அவை விழித்துவிடும். மிஞ்சியதைச் சமைத்த பிறகு ஃப்ரீசரில் வைக்கலாம், பச்சையாக வேண்டாம்.